கட்டுக்கு முன்னால் கால் எப்படி இருந்தது?

கள்ளக்குறிச்சி பாத்திரக்கடை ஷேக் தாவூதுக்கு மெஹ்ராஜ் பேகம் மூன்றாவது மகள். மூன்றாவதும் பெண்தானா என்று யாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெண் பேசப் பழகிய நாளிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லாமல் போயிற்று. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு, எப்படி. கடைக்கு ஈயம் பூச வந்த மனிதரிடம், நவச்சாரம் போடாவிட்டால் பித்தளையில் ஈயம் ஏன் ஒட்டாது என்று ஒரு நாள் முழுக்கக் கேட்டுத் துளைத்திருக்கிறாள். அவர் மறு வாரம் அடுத்த தெருக் கடைக்கு மாறிவிட்டார். நல்ல வேலைக்காரரை ஓட்டிவிட்டாளே என்று தாவூது தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா அஸ்ரப் நிஷாதான் ஒரு வழி சொன்னது. "இவள நர்ஸு படிக்க வெச்சிடுங்க. அங்க போயி நோயாளிங்கள கேள்வி கேக்கட்டும். நம்ம உசுரு தப்பிக்கும்." கேலியாகச் சொன்ன பேச்சு. மெஹ்ராஜ் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருக் குடும்பத்துப் பெண் ஊசி போடும் வேலைக்குப் போவதா என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசியவர்கள் அத்தனை பேரும் பின்னால் இரத்த அழுத்தம் பார்க்க அவளிடம்தான் வந்து கையை நீட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

படிப்பு முடிந்து கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளை அமீர், மோட்டார் சாமான் கடைக்காரர். கல்யாணத்தன்று அவரைத் தனியாகப் பார்த்ததும் மெஹ்ராஜ் பேசிய முதல் பேச்சு இது: "உங்க எடது கண்ணு இன்னாத்துக்கு இப்படித் துடிச்சிக்கினே இருக்குது?" மனிதர் நேர்மையானவர். "பயத்துல," என்றார். அதோடு அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அங்கே இங்கே ஒப்பந்த வேலை பார்த்து, கடைசியில் கல்வராயன் மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாகப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மலையா, அங்கே எப்படிப் போய் வருவாய் என்று பரிதாபப்பட்டவர்களிடம், பஸ்ஸில்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். வாரத்தில் நாலு நாள் குவார்ட்டர்ஸ், மூன்று நாள் வீடு. பிரசவம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அரிவாள் வெட்டு, அப்புறம் பாம்புக்கடி. பாம்பு என்ற சொல்லை மலையில் அவ்வளவு லேசில் வாயில் எடுக்கமாட்டார்கள். பூச்சி என்பார்கள். கடித்தது என்றும் சொல்லமாட்டார்கள். பூச்சி தொட்டுவிட்டது, அவ்வளவுதான். தொட்ட மறு நிமிடம் கைக்குக் கிடைத்த கயிற்றால் காலைக் கட்டிவிடுவார்கள். கட்டினவரே அவிழ்க்க வேண்டும், வேறு ஆள் கை வைத்தால் விஷம் தலைக்கு ஏறிவிடும் என்று சில ஊர்களில் பேச்சு. எத்தனை தடவை கூட்டம் போட்டுச் சொன்னாலும் கட்டு மட்டும் நிற்கவில்லை. ஏழு வருடத்தில் மெஹ்ராஜ் அப்படிக் கட்டிய கால்களை நூற்றுக்குக் குறையாமல் பார்த்திருப்பாள்.

அதனால்தான் இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் வருடம் ஆவணி மாதத்து ஒரு காலையில் வெள்ளச்சியின் கால் அவளை உறுத்தியது.

பத்தரை மணிக்குச் சரக்கு ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. பின்னால் கம்பளி டோலியோடு ஒரு பெண். டோலி தூக்கி வந்த ஆண்கள் நால்வர், வேர்வையில் குளித்திருந்தார்கள். ஊர் பாதையில் வண்டி வராது. ரோடு வரைக்கும் மூங்கிலில் கட்டித் தூக்கி வந்து அங்கே ஆட்டோவைப் பிடித்திருக்கிறார்கள்.

"பூச்சி தொட்டுடிச்சி, நர்சம்மா," என்றார் முன்னால் வந்தவர். பெயர் காத்தான். அந்தப் பெண்ணின் புருஷன். "சாமைக் காட்டுல களை எடுத்துக்கினு இருந்தா. எட்டரை, ஒம்போது இருக்கும். ஐயோன்னு ஒரே சத்தம். ஓடிப்போயி கட்டுப் போட்டுட்டேன்."

வெள்ளச்சிக்கு நாற்பத்திரண்டு வயது. இடது தொடையில் மாடு கட்டும் கயிறு மூன்று சுற்று சுற்றியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். கண்ணீர் காதுப்பக்கம் ஓடியது, துடைக்கக்கூட இல்லை. வலி அப்படி.

டாக்டர் தங்கமணி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. சின்னசேலத்துக்காரர். பதற்றம் இருந்தாலும் கைகள் ஒழுங்காக வேலை செய்யும். இன்னொரு நர்ஸ் லட்சுமியம்மாள், வெள்ளச்சியின் கையில் ஊசிக்குழாய் போட்டார். விஷமுறிவு மருந்து பெட்டியிலிருந்து வெளியே வந்தது. டாக்டர் கொஞ்சம் இரத்தம் எடுத்து, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசை ஓரமாக நிறுத்தினார்.

"பத்து நாப்பது. யாரும் அதைத் தொடாதீங்க. இருபது நிமிஷம்," என்றார்.

பாம்புக்கடிக்கு எங்கும் செய்கிற சோதனைதான். விரியன் விஷம் ஏறியிருந்தால் இருபது நிமிடம் ஆனாலும் இரத்தம் உறையாமல் தண்ணீராகவே நிற்கும். உறைந்துவிட்டால் அந்தப் பயம் இப்போதைக்கு இல்லை. நாகமோ கட்டுவிரியனோ என்றால் கண்ணிமை தொங்கும். டாக்டர் வெள்ளச்சியை மேலே பார்க்கச் சொல்லி ஒரு நிமிடம் கவனித்தார். இமை தொங்கவில்லை.

மெஹ்ராஜ் இதற்குள் காலைக் கழுவியிருந்தாள். மண் போயிற்று. பழைய முள் கீறல் இரண்டு தெரிந்தன. பல் பட்ட இடம் எங்கேயும் இல்லை. விரலிடுக்கு, குதிகால், கணுக்கால், எல்லாம் பார்த்தாயிற்று.

"சார், கடி இல்லைங்க."

"சில சமயம் தெரியாது, சிஸ்டர்."

"காலு இப்படி வெளுத்து இருக்குதே."

"கட்டு போட்டிருக்காங்க இல்ல. ரத்தம் போகலன்னா வெளுத்துதான் இருக்கும்."

சரியான பதில்தான். மெஹ்ராஜும் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு நகரவேண்டியதுதானே? நகர முடியவில்லை. ஈயம் பூசுகிறவரை ஓட்டிய அதே குணம்.

கட்டுப் போட்ட கால்கள் அவளுக்குத் தெரியும். அவை வெளுக்காது. கருநீலமாகும். திம்மென்று வீங்கும். நரம்புகள் புடைத்துக்கொண்டு நிற்கும். பயந்துபோன மனிதன் கட்டுகிற கயிறு, மேலே திரும்புகிற இரத்தத்தைத் தடுக்கிற அளவுக்குத்தான் பெரும்பாலும் இறுகும். தொடைக்குள் ஆழத்தில் கீழே இறங்குகிற பெரிய குழாயை அது அவ்வளவு சுலபமாக நெரித்துவிடாது. அதனால் இரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், வெளியே போக வழி இருக்காது. கால் கறுக்கும். வெள்ளச்சியின் காலோ வேட்டியைப் போல வெளுத்து, வற்றிக் கிடந்தது. பாதத்தின் மேல் நரம்புகள் புடைக்கவில்லை. அவை இருந்த இடத்தில் லேசான பள்ளம் தெரிந்தது. மெஹ்ராஜ் கயிற்றுக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். தாராளமாகப் போயிற்று. டோலியில் வந்த ஆட்டத்தில் கட்டு தளர்ந்திருந்தது. இவ்வளவு தளர்ந்த கட்டு ஒரு காலை இப்படி வெளுக்க வைக்குமா?

அவள் குனிந்து வெள்ளச்சியின் முகத்தருகே போனாள்.

"வெள்ளச்சி, என்னப் பாருமா. கட்டு போடறதுக்கு முன்ன காலு எப்படி இருந்தது?"

"பூச்சி தொட்ட ஒடனே நான் கட்டிட்டேன், நர்சம்மா. ஒரு செகண்டு கூட..." என்று ஆரம்பித்தார் காத்தான்.

"உங்கள கேக்கலைங்கண்ணா. அவங்கள கேக்கறேன்."

வெள்ளச்சி மூச்சை இழுத்துக்கொண்டாள். அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பூச்சியின் கதையை மற்றவர்கள் சொன்னார்கள், அவள் அழுதாள்.

"பூச்சிய நான் பாக்கலம்மா. குந்தி களை எடுத்துக்கினு இருந்தேன். எழுந்து நின்னேன். கெண்டைக்கால்ல வெட்டி எடுக்கறாப்ல ஒரு வலி. ஒக்காந்து காலத் தொட்டேன். சில்லுனு இருந்தது. சுனைத் தண்ணியில வெச்ச காலாட்டம். என் காலுன்னே தெரியல."

"அப்ப கட்டு போட்டுட்டாங்களா?"

"இல்லம்மா. அவரு அப்பாலதான் ஓடியாந்தாரு. காலு சில்லுனு இருக்குது பாருன்னு நான் சொன்னேன். தொட்டுப் பாத்துட்டு பயந்துபோயி கட்டுனாரு."

டாக்டர் தங்கமணி சட்டென்று நிமிர்ந்தார். "கட்டுறதுக்கு முன்னாடியே சில்லுனு இருந்ததா?"

"ஆமாங்க."

கட்டினதால் கால் சில்லிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கால் சில்லிட்டதைப் பார்த்துத்தான் கட்டியே இருக்கிறார்கள். முன்னது பின்னதாக மாறி உட்கார்ந்திருந்தது.

இனிமேல் கட்டை அவிழ்த்துத்தான் பார்க்கவேண்டும். காத்தான் குறுக்கே கை நீட்டினார். விஷம் ஏறிவிடும், கை வைக்கக்கூடாது என்றார். அவர் முகத்தை மெஹ்ராஜ் பார்த்தாள். திட்ட வந்த வாய் அடங்கிவிட்டது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கயிற்றுக்கு மேலே சுற்றிக் காற்றடித்து வைப்போம். கயிறு போனாலும் பட்டை பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுவோம். விஷமுறிவு மருந்து இதோ கையில் இருக்கிறது.

"நீங்களே அவிழுங்கண்ணா. நீங்க கட்டுனது, நீங்களே அவிழுங்க," என்றாள் மெஹ்ராஜ்.

காத்தான் அவிழ்த்தார். பட்டையின் காற்று மெல்ல இறங்கியது. எல்லோரும் அந்தப் பாதத்தையே பார்த்தார்கள். கட்டுதான் காரணம் என்றால், இப்போது இரத்தம் ஓடிவந்து கால் குங்குமமாகச் சிவக்க வேண்டும். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம் ஆயிற்று. கால் வெள்ளையாகவே கிடந்தது.

மெஹ்ராஜ் தன் புறங்கையை வெள்ளச்சியின் தொடையில் வைத்து மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். தொடை சூடு. முட்டி வரைக்கும் சூடு. முட்டிக்குக் கீழே நாலு விரற்கடையில், கோடு போட்டாற்போல் சூடு நின்றுபோயிற்று. அதற்குக் கீழே ஒரே குளிர்ச்சி. வலது காலில் அதே மாதிரி இழுத்தாள். விரல் நுனி வரை சூடு. வலது பெருவிரல் நகத்தை அமுக்கி விட்டாள். வெளுத்த நகம் உடனே சிவந்தது. இடது நகத்தை அமுக்கினாள். அமுக்குவதற்கு முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை.

டாக்டர் நாடி தேடினார். தொடை இடுக்கில் நன்றாகத் துள்ளியது. முட்டிக்குப் பின்னால் இல்லை. கணுக்காலுக்கு உட்புறம் இல்லை. பாதத்தின் மேல் இல்லை. தன் விரலின் துடிப்பையே நோயாளியின் துடிப்பு என்று நினைத்து ஏமாறுவது உண்டு. அதனால் மெஹ்ராஜும் தனியாகத் தேடினாள். அவளுக்கும் அகப்படவில்லை.

பஞ்சைத் திரித்து விரல்களைத் தடவினாள். "தெரியுதாமா?"

"இன்னா பண்றீங்க?"

தொட்டதே தெரியவில்லை. "விரல ஆட்டு." விரல்கள் லேசாக அசைந்தன. மெஹ்ராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது. அசைவு இன்னும் இருக்கிறது. அதுவும் போய்விட்டால் அந்தக் காலை மீட்பது கஷ்டம்.

"தமனி அடைப்பு," என்றார் டாக்டர். காத்தானுக்குப் புரியும்படி திருப்பிச் சொன்னார். "காலுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல ரத்தக்கட்டி ஒன்னு வந்து அடைச்சிக்கிச்சி. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். நேரம் ஆக ஆக காலு செத்துக்கினே வரும்."

"எடுக்கலன்னா?"

"காலையே எடுக்கிற மாதிரி ஆயிடும்."

வலி ஆரம்பித்து ஏற்கெனவே இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆபரேஷன் செய்ய ஆள் இருப்பது சேலத்தில். லட்சுமியம்மாள் ஆம்புலன்ஸுக்குப் பேசப் போனார்.

கட்டி காலில் அடைத்திருக்கிறது, சரி. அது எங்கிருந்து வந்தது? நன்றாகக் களை எடுத்துக்கொண்டிருந்தவளின் காலில் திடீரென்று எப்படி முளைக்கும்? மெஹ்ராஜ் வெள்ளச்சியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இரண்டு அடித்தது, ஒன்றை விழுங்கியது, மூன்று அவசரமாக அடித்தது, நின்றது, மறுபடி ஒன்று. ஒழுங்கீனத்திலாவது ஓர் ஒழுங்கு இருக்கும் என்று ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள். இல்லை. மணிக்கட்டில் தொண்ணூற்றெட்டு. அதே சமயம் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து எண்ணியது நூற்று முப்பது. இதயம் அடிக்கிற அடியில் நாலில் ஒன்று மணிக்கட்டுக்கு வந்தே சேரவில்லை.

"மேட்டுல ஏறுனா மூச்சு வாங்குமா?"

"ரெண்டு வருசமா வாங்குதும்மா."

"சின்ன வயசுல மூட்டு மூட்டா வீங்கி காய்ச்சல் வந்ததா?"

வெள்ளச்சி வலியிலும் ஆச்சரியப்பட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? பன்னெண்டு வயசுல மூணு மாசம் படுத்துக்கினு இருந்தேன்."

சின்ன வயதில் வந்த அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. முப்பது வருடமாக அது சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. மேலறை விரிந்து, ஒழுங்காகச் சுருங்க முடியாமல் நடுங்கி, அதன் மூலையில் இரத்தம் தேங்கி உறைந்திருக்கும். அதில் ஒரு துண்டு இன்று காலை கழன்று ஓட்டத்தோடு இறங்கி, தொடையைத் தாண்டிக் குழாய் குறுகுகிற இடத்தில் மாட்டிக்கொண்டது. இசிஜி தாளும் அதையேதான் சொன்னது. கோடுகள் இடைவெளி தவறித் தவறி நின்றன.

மேசை ஓரத்துக் கண்ணாடிக் குழாயை டாக்டர் பதினொன்றுக்குச் சாய்த்தார். இரத்தம் அசையவில்லை. கெட்டியாக உறைந்திருந்தது. விரியன் விஷம் இல்லை. இது நல்ல செய்திதான். ஏனென்றால் இனி கொடுக்கப்போகும் மருந்து இரத்தத்தை உறைய விடாத மருந்து. விஷத்தால் ஏற்கெனவே உறையாத இரத்தம் உள்ளவருக்கு அதைக் கொடுத்தால் ஆளே போய்விடுவார். உறைந்ததைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, உறைந்த ஒரு துண்டால்தானே இத்தனை பாடு என்று நொந்துகொள்வதா என்று மெஹ்ராஜுக்கே விளங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து வெள்ளச்சியின் தம்பி ஆண்டி, டோலி தூக்கி வந்தவர்களில் ஒருவன், ஆஸ்பத்திரிச் சமையல் ஆள் வீட்டிலிருந்து சுடச்சுட உப்பு ஒத்தட மூட்டையோடு ஓடிவந்தான். கால் சில்லென்று இருக்கிறதே, சூடு காட்டினால் சரியாகும் என்று அவன் நினைப்பு. அக்காவின் மேல் உயிர்.

"வெக்காத!" மெஹ்ராஜ் போட்ட சத்தத்தில் மூட்டை கீழே விழுந்தது. "தொட்டாலே தெரியாத காலு. சுட்டா தெரியுமா? தோலு வெந்து போயிடும். தேய்க்கவும் கூடாது. மேல தூக்கி வெக்கவும் கூடாது." பஞ்சை எடுத்துக் காலைத் தளர்வாகச் சுற்றினாள். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, கால் தாழ்ந்திருக்கும்படி வைத்தாள். டாக்டர் வலிக்கு ஊசி போட்டார்.

ஆம்புலன்ஸ் வந்ததும் அதில் வந்த பணியாளர் தாளைப் பார்த்துக்கொண்டு, "பாம்புக்கடி கேஸ் எதுங்க?" என்று கேட்டார். ஊர்க்காரர்கள் ரோட்டிலிருந்து முதலில் செய்த போனில் அப்படித்தான் பதிவாகியிருந்தது. இந்தப் பெயரோடு கீழே இறங்கினால், பாம்புக்கடிப் படுக்கையில் போட்டு நாளைவரை கவனிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவள் பேனாவை எடுத்தாள். டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வெள்ளச்சியின் தொடையில் எழுதினாள்: பாம்பு இல்லை. முட்டிக்குக் கீழே குளிர் தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு. பாதத்தின் மேல், துடிப்பு இல்லை, 11.10. ஆரம்பம் 8.45.

"சீட்டு காணாமப் போவும். காலு போவாது," என்றாள். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவளே வண்டியில் ஏறினாள். லட்சுமியம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்கியது. ஒவ்வொரு பத்து நிமிடமும் மெஹ்ராஜ், "விரல ஆட்டுமா," என்றாள். விரல்கள் ஆடின. அடிவாரம் வந்தபோது கட்டைவிரல் மட்டும் ஆடியது. மெஹ்ராஜ் வாய்க்குள் துஆ ஓதினாள். காத்தான் தன் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு டாக்டர் தங்கமணி போனில் சொல்லி வைத்திருந்தது உதவியது. கால்மேல் எழுதியிருந்ததைப் படித்த அங்கத்திய டாக்டர் தானும் நாடியைத் தேடிப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல், இரத்தத்தை உறைய விடாத ஊசியைப் போட்டார். கட்டி மேலும் வளராமல் இருக்க அது. இருக்கிற கட்டியை அது கரைத்துவிடாது. பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது. போகிற வழியில் மெஹ்ராஜின் தெரு வந்து போயிற்று. அமீர் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டார். சேலம் போகிறேன் என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கேள்விக்காரி போதும் என்று கற்றிருந்தார்.

இரண்டே முக்காலுக்குச் சேலம். மூன்று மணிக்குள் ஆபரேஷன் அறை. தொடை இடுக்கில் சிறிதாகக் கீறி, மெல்லிய குழாய் ஒன்றை இரத்தக்குழாய்க்குள் கட்டியைத் தாண்டி விட்டார்கள். குழாயின் முனையில் ஒரு குட்டி பலூன். தாண்டியதும் அதை ஊதி, அப்படியே இழுத்தார்கள். கட்டி பின்னோடு வந்தது.

வெளியே வந்த சர்ஜனிடம் மெஹ்ராஜ் கேட்டது, "சார், அத நான் பாக்கலாங்களா?" அவர் சிரித்துவிட்டு ஒரு கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே கருஞ்சிவப்பாகச் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒன்று கிடந்தது. இவ்வளவுதானா? இதற்குத்தான் ஒரு முழு கால் போகப் பார்த்ததா? நம்பமுடியாமல் அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரத்தம் திரும்பி ஓடுது. இனிமே கெண்டைக்கால் வீங்கலாம். வீங்கினா தோலையும் தசையைச் சுத்தியிருக்கிற உறையையும் கீறி விடவேண்டியிருக்கும். நாளை வரைக்கும் பாக்கணும். ஆனா காலு தப்பிச்சிது," என்றார் அவர்.

வீங்கியது, கீறினார்கள், ஆறியது. இரண்டு விரல்களில் உணர்ச்சி வர மூன்று மாதம் பிடித்தது. இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை, மாதம் ஒரு முறை கள்ளக்குறிச்சியில் இரத்தப் பரிசோதனை. அந்த வருடம் அறுவடைக்கு வெள்ளச்சி போகவில்லை, அடுத்த வருடம் போனாள். வால்வுக்கும் பிறகு சிகிச்சை நடந்தது. மெஹ்ராஜ் மலையிலேயே வேலையைத் தொடர்ந்தாள். கட்டுப் போட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், கட்டுக்கு முன்னால் எப்படி இருந்தது என்று கேட்காமல் விடமாட்டாள். அதில் தொண்ணூற்றொன்பது தடவை பதில் சப்பென்று இருக்கும். அதற்காக அவள் கேட்பதை நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் சேலத்தில், ஆபரேஷன் முடிந்து வெள்ளச்சியை வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, காத்தான் வராந்தாவில் தூணோரமாக நின்றிருந்தார். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. மெஹ்ராஜ் டீ வாங்கிக் கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நர்சம்மா, மறைக்காம சொல்லுங்க. நான் கட்டுன கட்டாலதான் அவளுக்கு இப்படி ஆச்சா?"

இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டால் மனிதர் நிம்மதியாக டீ குடிப்பார். ஆனால் அவளுக்குப் பாதி உண்மை சொல்ல வராது.

"அடைப்பு கட்டுக்கு முன்னியே வந்துடிச்சிங்கண்ணா. உங்க கட்டால வரல. ஆனா கட்டு போட்டது தப்புதான். பூச்சியே தொட்டாலும் இனிமே கட்டாதீங்க. ஆட்டாம அசைக்காம தூக்கிக்கினு வாங்க, போதும். அந்தக் கட்டப் பாத்து நாங்களும் கொஞ்ச நேரம் ஏமாந்துட்டோம். நானும்தான்."

காத்தான் தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மெஹ்ராஜுக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு இரக்கம் வந்தது. நாலு மைல் கரட்டுப் பாதையில் பெண்டாட்டியைத் தோளில் சுமந்து ஓடிவந்த ஆள்.

"நான் ஒன்னு கேக்கறேன். பூச்சின்னு நீங்க நெனைக்கலன்னு வெச்சிக்கோங்க. சும்மா காலு வலி, காலு சில்லுனு இருக்குது, அவ்ளோதான். அப்ப இன்னா பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். நேர்மையாக யோசித்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"வாயுப் புடிப்புன்னு எண்ணெ தேச்சி உட்டிருப்பேன். வூட்டுல போயி படுடின்னு சொல்லியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினார். "களை பாதி நின்னுக்கினு இருந்தது. நான் சாயங்காலம்தான் வூட்டுக்குப் போயிருப்பேன்."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சாயங்காலம் என்றால் டாக்டர் சொன்ன ஆறு மணி நேரம் எப்போதோ தாண்டியிருக்கும். மனிதர் தூணில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். மெஹ்ராஜ் அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.